‘ஒரு மணிக்கு 5’: ஒரு சிரிஞ்ச் பம்ப் கையேடு தமிழுக்கு வந்த விதம்

சோதனைக்காக மேசையில் வைத்திருந்த சிரிஞ்ச் பம்பில் அலாரம் அடிக்கத் தொடங்கியது. திரையில் `OCCLUSION`, அதாவது அடைப்பு, என்று வந்தது. சிரிஞ்சில் இருந்தது வெறும் தண்ணீர். சிரிஞ்சிலிருந்து மருந்து போகும் மெல்லிய குழாயான லைனின் மறுமுனை ஓர் அளவுக் குவளைக்குள் இருந்தது. லைனை நடுவில் மடித்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மறைத்தது நான்தான். வாசித்துச் செய்து காட்ட வந்திருந்த நர்ஸின் கையில் எங்கள் தமிழ்த் தாள். நான்காம் படியில் ‘அடைப்பை நீக்குவதற்கு முன்’ என்பதுவரை வாசித்திருப்பார். அதற்குள் அவர் கை லைனைத் தடவிக்கொண்டே போய், மடிப்பைக் கண்டுபிடித்து, நிமிர்த்திவிட்டது. குவளையில் படபடவென்று சில சொட்டுகள் விழுந்தன. அப்புறம்தான் மீதி வாக்கியத்தை வாசித்தார்: ‘நோயாளிப் பக்கக் கிளாம்பை மூடவும்.’

“ஐயோ, அதை முதல்லயே சொல்லியிருக்கலாமே” என்றார்.

அந்தச் சில சொட்டுகளைப் பற்றித்தான் இந்த ஆய்வில் பாதி. மீதி, எண்களையும் அலகுகளையும் பற்றியது.

வேலையின் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு சிரிஞ்ச் பம்பின் ஆங்கிலக் கையேட்டை வார்டு நர்ஸுகளுக்காகத் தமிழில் கொண்டுவர வேண்டும். பம்பின் திரை ஆங்கிலத்திலேயே இருக்கும், அதை மாற்ற முடியாது. நர்ஸுகள் படித்ததும் ஆங்கிலத்தில்தான். ஆனால் இரவுப் பணியில், அலாரம் அடிக்கும்போது, அடுத்து என்ன செய்வது என்று பார்க்க அவர்களுக்குத் தமிழில் ஒரு தாள் வேண்டும். கையேட்டை முழுதாக மொழிபெயர்த்து, அதிலிருந்து பம்புக்குப் பக்கத்தில் மாட்டும் இரண்டு பக்கச் சுருக்கத் தாளையும் எடுத்துத் தருவது ஒப்பந்தம். மருந்து, அளவு, படி எதிலும் எங்களாக எதையும் சேர்க்கவோ விடவோ கூடாது.

அந்தச் சொட்டுகள் ஏன் விழுந்தன

சிரிஞ்சின் தள்ளுதண்டான பிளஞ்சரை பம்ப் மெதுவாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். லைன் எங்காவது அடைபட்டால் திரவத்துக்குப் போக வழியில்லை, ஆனால் பம்புக்கு அது உடனே தெரியாது. அழுத்தம் ஏற ஏற லைன் சற்றே உப்பும், பிளஞ்சரின் ரப்பர் முனை சற்றே நசுங்கும். குறித்துவைத்த அழுத்தத்தைத் தொட்ட பிறகுதான் அலாரம் அடிக்கும். அதுவரை தள்ளப்பட்டது முழுவதும் லைனுக்குள் இறுகிப்போய் நிற்கும். மடிப்பை நிமிர்த்தினால் அத்தனையும் ஒரே மூச்சில் நோயாளிக்குள் போய்விடும்.

இப்படித் தேங்கியது அரை மில்லிலிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்துக்கு 1 மில்லிலிட்டர் வீதம் ஓடவேண்டிய மருந்தானால், அது அரை மணி நேர மருந்து. அதாவது அலாரம் அடிப்பதற்கு முந்தைய அரை மணி நேரம் நோயாளிக்கு மருந்து போகவே இல்லை, பிறகு அந்த அரை மணி நேரத்து மருந்தும் சில விநாடிகளில் போகிறது. நார்அட்ரினலின் போன்ற மருந்தில் இதற்கு என்ன அர்த்தம் என்று நர்ஸுகளுக்குச் சொல்லவேண்டியதில்லை. ரத்த அழுத்தம் முதலில் விழும், பிறகு எகிறும். வேகம் குறைவாக வைத்திருக்கும்போது அலாரம் தாமதமாக வருவதும் இதனால்தான். அதே அரை மில்லிலிட்டர் தேங்க, ஒரு மணி நேரத்துக்கு 5 மில்லிலிட்டர் வீதத்தில் 6 நிமிடம் போதும். இன்ஃபியூஷன் பம்புகளுக்கான ஐ.இ.சி. 60601-2-24 தரநிலைப்படி, அலாரம் வர எவ்வளவு நேரம் ஆகும், அடைப்பு விலகும்போது எவ்வளவு மருந்து பாயும் என்பதைக் கையேட்டில் தரவேண்டும். பெரும்பாலும் அது கடைசிப் பக்கங்களில், யாரும் திருப்பாத ஓர் அட்டவணையில் கிடக்கும்.

எனவே செய்யவேண்டிய வரிசை: பம்பை நிறுத்து, நோயாளிக்குப் போகும் வழியை மூடு, தேங்கிய அழுத்தத்தை வெளியேற்று, அப்புறம்தான் அடைப்பைத் தொடு. மூலக் கையேடு இதைச் சரியாகவே சொல்லியிருந்தது. ஆங்கில வாக்கியத்தில் ‘கிளாம்பை மூடு’ முதலில் வருகிறது, ‘அடைப்பை நீக்கும் முன்’ என்பது வாலாகத் தொங்குகிறது. கண் வாசிக்கும் வரிசையும் கை செய்யவேண்டிய வரிசையும் அங்கே ஒன்று.

தமிழில் அந்த வால் தலையாகிவிடும். வினைமுற்று கடைசியில் வரவேண்டும், ‘முன்’, ‘பிறகு’, ‘ஆல்’ எல்லாம் அதற்கு முன்னால் வந்தாக வேண்டும். ‘அடைப்பை நீக்குவதற்கு முன், நோயாளிப் பக்கக் கிளாம்பை மூடவும்’ என்ற வாக்கியத்தை எந்தத் தமிழாசிரியரிடம் காட்டினாலும் சரி என்றுதான் சொல்வார். நானும் அப்படித்தான் எழுதினேன், திருத்துநர் கைவைக்கவில்லை, வேறொருவர் ஆங்கிலத்துக்குத் திருப்பி மொழிபெயர்த்துப் பார்த்தபோதும் மூலத்தோடு அச்சாகப் பொருந்தியது. மூன்று வடிகட்டியையும் தாண்டி வந்த வாக்கியம், பம்புக்கு முன்னால் நின்ற அரை நிமிடத்தில் மாட்டிக்கொண்டது. பொருள் சரியா என்று பார்க்கும் சோதனை எதுவும், முதலில் கண்ணில் படும் வினை எது என்று பார்ப்பதில்லை.

அதற்குப் பிறகு கையேடு முழுக்க ‘முன்’ என்ற சொல்லைத் தேடினேன். ஒவ்வோர் இடத்திலும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இந்த வாக்கியத்தை முதல் நான்கு சொல்லோடு நிறுத்திவிட்டுச் செய்தால் என்ன ஆகும்? ‘பம்பை அணைப்பதற்கு முன் திரையைத் துடைக்கவும்’ என்றால் ஒன்றும் ஆகாது, விட்டுவிடலாம். ‘சிரிஞ்சைக் கழற்றுவதற்கு முன் கிளாம்பை மூடவும்’ என்றால் ஆகும். பம்பின் பிடியிலிருந்து விடுபட்ட சிரிஞ்ச், நோயாளியைவிட உயரத்தில் இருந்தால், தன் எடையிலேயே மருந்தை இழுத்து ஓடவிடும். இப்படி ஆபத்து ஒளிந்திருந்த வாக்கியங்களை எல்லாம் உடைத்தோம்.

உடைப்பதிலும் இரண்டு வழி உண்டு. என் முதல் முயற்சி தமிழுக்கு மிகவும் பிடித்த வழி: ‘பம்பை நிறுத்தி, கிளாம்பை மூடி, பிளஞ்சர் பிடியைத் தளர்த்தி, அடைப்பை நீக்கவும்.’ வரிசை சரியாகிவிட்டது, வாசிக்கவும் நன்றாக இருக்கிறது. ஆனால் நான்கு செயல் ஒரே மூச்சில் ஓடுகிறது. ஒரு செயலைச் செய்துவிட்டுத் தாளுக்குத் திரும்பும் கண், எங்கே விட்டோம் என்று தேடவேண்டும். ‘மூடி’, ‘தளர்த்தி’ என்ற எச்சங்களுக்குக் கட்டளையின் கனமும் இல்லை, கடைசி வினைக்குத்தான் இருக்கிறது. கடைசியில் எழுதியது இது:

4அ. `STOP` அழுத்தவும்.
4ஆ. நோயாளிக்கு மிக அருகில் உள்ள கிளாம்பை மூடவும்.
4இ. கிளாம்ப் மூடியிருக்கிறது என்று பார்த்த பிறகு, பிளஞ்சர் பிடியைத் தளர்த்தவும்.
4ஈ. இப்போது அடைப்பு எங்கே என்று தேடிச் சரிசெய்யவும்.

ஏன் 4, 5, 6, 7 என்று போடவில்லை? கையேட்டின் வேறு நான்கைந்து இடங்களில் ‘ஆறாம் படியைப் பார்க்கவும்’ என்று இருக்கிறது. எண்ணை நகர்த்தினால் அந்த வழிகாட்டல் எல்லாம் தவறான இடத்துக்குக் கொண்டுபோகும். பயிற்சி தருபவர் ஆங்கிலப் பிரதியை வைத்துக்கொண்டு ‘ஆறாவதைச் செய்யுங்கள்’ என்றால், தமிழ்த் தாளிலும் ஆறாவது அதுவாகவே இருக்கவேண்டும். அதனால் மூலத்தின் எண் அப்படியே, உள்ளே மட்டும் அ, ஆ, இ.

இதையும் நாங்களாகச் செய்துவிடவில்லை. ‘கிளாம்ப் மூடியிருக்கிறது என்று பார்த்த பிறகு’ என்பது மூலத்தில் இல்லாத சொல். என்ன சேர்க்கிறோம், ஏன் சேர்க்கிறோம் என்று கேள்விப் படிவத்தில் எழுதித் தயாரிப்பாளருக்கு அனுப்பினோம். எழுத்தில் ஒப்புதல் வந்த பிறகே அது தாளில் ஏறியது. அதே படிவத்தில் இன்னொன்றும் கேட்டோம்: தேங்கிய மருந்து பாயும் என்ற எச்சரிக்கை மூலத்தில் நான்காம் படிக்குக் கீழே இருக்கிறது, அதை மேலே கொண்டுவரலாமா? ‘ஆங்கிலத்தின் அடுத்த பதிப்பிலும் மேலே போட்டுவிடுகிறோம்’ என்று பதில் வந்தது. மொழிபெயர்ப்பாளருக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடைப்பது அபூர்வம்.

மணிக்கு, மணி நேரத்துக்கு

இரண்டாவது விஷயத்தைக் கண்டுபிடித்தவர் மூத்த நர்ஸ் ஒருவர். முதல் வரைவைப் புரட்டியவர், ஒரு வரியில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். ‘ஓட்ட வேகத்தை ஒரு மணிக்கு 5 மி.லி. என அமைக்கவும்.’

“ஒரு மணிக்கு செட் பண்ணணுமா தம்பி? இப்ப பதினொண்ணுதானே ஆகுது.”

“வேகம்னு போட்டிருக்கே சிஸ்டர்...”

“போட்டிருக்கு. நான் அதைப் பார்க்கலியே. மணிக்குன்னு பார்த்ததும் கடிகாரத்தைத்தான் பார்த்தேன்.”

பாதி கிண்டல், பாதி நிஜம். மருந்துச் சீட்டில் ‘8 மணிக்கு’, ‘2 மணிக்கு’ என்று நாள் முழுக்க வாசிக்கும் கண் அது. கார் ‘மணிக்கு 60 கிலோமீட்டர்’ வேகத்தில் போகலாம், யாரும் குழம்பமாட்டார்கள். வார்டில் ‘மணிக்கு’ என்றால் முதலில் கடிகாரம்தான். இந்த வரியில் குழப்பம் சிரிப்போடு போய்விடும், ஆனால் இன்னொரு பக்கத்தில் ‘8 மணிக்கு ஒருமுறை பேட்டரியைப் பார்க்கவும்’ என்று இருந்தது. இதைத் தினமும் 8 மணிக்கு என்று எடுத்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. 24 மணி நேரத்தில் மூன்று முறை செய்யவேண்டியது ஒருமுறையாகவோ இருமுறையாகவோ குறைந்துவிடும்.

விதி எளிது. கால அளவு என்றால் ‘மணி நேரம்’, கடிகாரம் என்றால் ‘மணி’. ஒன்றின் இடத்தில் மற்றொன்று எங்கேயும் வரக்கூடாது. ‘8 மணி நேரத்துக்கு ஒருமுறை.’ ‘ஒரு மணி நேரத்துக்கு 5 மில்லிலிட்டர் வீதம்.’ நீளமாக இருக்கிறது என்று பக்கத்தை வடிவமைத்தவர் முனகினார். இருக்கட்டும் என்றேன்.

காலமும் அளவும் சேரும் அலகு தடுமாறினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தத் துறையிலேயே ஒரு பழைய பாடம் இருக்கிறது. பிரிட்டனில் பல ஆண்டுகள் புழங்கிய கிரேஸ்பி சிரிஞ்ச் டிரைவர்களில் எம்.எஸ். 16ஏ, எம்.எஸ். 26 என்று இரண்டு மாடல்கள். பார்க்க ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும், ஒன்றின் முகப்பு நீலம், மற்றது பச்சை. இரண்டிலும் வேகத்தை மில்லிலிட்டரில் அல்லாமல், பிளஞ்சர் நகரும் மில்லிமீட்டரில் வைக்கவேண்டும். ஆனால் ஒன்றில் அது ஒரு மணி நேரத்துக்கு, மற்றதில் 24 மணி நேரத்துக்கு. மாற்றி எடுத்தால் 24 மடங்கு. வலிமருந்து ஓடும் கருவியில் இது உயிர்களைப் பறித்தது. 2010 டிசம்பரில் அந்நாட்டின் நோயாளிப் பாதுகாப்பு முகமை, மில்லிமீட்டரில் வைக்கும் கருவிகளை விட்டு, ஒரு மணி நேரத்துக்கு இத்தனை மில்லிலிட்டர் என்று வைக்கும் கருவிகளுக்கு மாறச் சொன்னது. அங்கே மொழிபெயர்ப்பு எதுவும் இல்லை, ஒரே மொழிதான். அப்படியிருந்தும் அது நடந்தது.

சுருக்கெழுத்து வேண்டாம் என்று முடிவெடுத்தது

முதல் வரைவில் அலகுகளைத் தமிழ்ச் சுருக்கமாக எழுதியிருந்தேன்: மி.லி., மி.கி., மை.கி., கி.கி. மருந்தின் அளவை உடல் எடைக்கும் நிமிடத்துக்கும் சொல்லும் அலகு ‘மை.கி./கி.கி./நிமி.’ ஆனது. எழுதிவிட்டு நானே இரண்டு முறை வாசிக்கவேண்டியிருந்தது. ‘கி’ ஓரிடத்தில் கிராம், அடுத்த இடத்தில் கிலோ. ‘மி’யும் ‘மை’யும் சிறிய அச்சில், மங்கிய விளக்கில், லேமினேட் செய்த தாளில் ஒன்றுபோலத் தெரியும். அந்த இரண்டுக்கும் நடுவில் ஆயிரம் மடங்கு இருக்கிறது.

அதைவிட முக்கியமான காரணம், யாரும் அப்படிப் பேசுவதில்லை. வார்டில் ‘அஞ்சு எம்.எல். பெர் அவர்’ என்பார்கள். திரையில் `mL/h` என்று இருக்கிறது. மருந்துச் சீட்டிலும் அதுதான். நடுவில் தமிழ்த் தாள் மட்டும் மூன்றாவது வடிவம் ஒன்றைக் கொண்டுவந்தால், நர்ஸ் தலைக்குள் இன்னொரு மொழிபெயர்ப்பைச் செய்யவேண்டும். எனவே, திரையில் பார்த்து அமைக்கும் அளவுக்குத் திரையில் உள்ள குறியீடே, எழுத்துக்கு எழுத்து, பெரிய எல் உட்பட. விளக்கிச் சொல்லும் வாக்கியத்தில் முழுச் சொல்: மைக்ரோகிராம், மில்லிகிராம், கிலோகிராம். தமிழ்ச் சுருக்கம் எங்கேயும் கிடையாது. தூய தமிழ் ஆர்வலர்கள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

இதில் மூலத்தின் பிழை ஒன்றும் வெளியே வந்தது. கையேட்டின் உள்ளே மைக்ரோகிராமுக்கு `µg` என்று போட்டிருந்தார்கள், திரையில் வருவதோ `mcg`. கையால் எழுதும்போது முதல் குறியீடு எளிதில் `mg` ஆகிவிடும் என்பதால் பாதுகாப்பு அமைப்புகள் இரண்டாவதையே பரிந்துரைக்கின்றன. தமிழில் குறியீடு வரும் எல்லா இடத்திலும் திரையில் உள்ளதைப் போட்டோம். இதுவும் கேள்விப் படிவம் வழியாகத்தான்.

கையேட்டில் ஒரு கணக்கு எடுத்துக்காட்டாக இருந்தது. 50 மில்லிலிட்டரில் 4 மில்லிகிராம் மருந்து, நோயாளியின் எடை 60 கிலோகிராம், தேவை `0.1 mcg/kg/min`. நிமிடத்துக்கு 6 மைக்ரோகிராம், அதாவது ஒரு மணி நேரத்துக்கு 360 மைக்ரோகிராம். சிரிஞ்சில் ஒரு மில்லிலிட்டருக்கு 80 மைக்ரோகிராம் இருக்கிறது. 360ஐ 80ஆல் வகுத்தால் `4.5 mL/h`. மொழிபெயர்க்கும்போது எண்ணை மட்டும் நகலெடுக்காமல் கணக்கைப் போட்டுப் பார்ப்பது என் வழக்கம், மூலத்திலேயே அச்சுப்பிழை இருந்தால் அப்போதுதான் தெரியும்.

அந்தக் கணக்கை வேண்டுமென்றே தப்பாகவும் போட்டுப் பார்த்தேன். மைக்ரோகிராமை மில்லிகிராம் என்று எடுத்தால் விடை 4500 ஆகிவிடும். அந்த வேகத்தை சிரிஞ்ச் பம்ப் ஏற்காது, தவறு தானே வெளிப்படும். ஆனால் `0.1` என்பது `1` ஆக நழுவினால் விடை `45 mL/h`. பம்ப் மறுபேச்சில்லாமல் ஓடும், பத்து மடங்கு மருந்து போகும். அசிங்கமாகத் தெரியும் ஆயிரம் மடங்குப் பிழையைவிட, அமைதியாக உள்ளே நுழையும் பத்து மடங்குப் பிழை மோசம். அதனால் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். புள்ளிக்கு முன் எப்போதும் பூஜ்யம் இருக்கவேண்டும். முழு எண்ணுக்குப் பின் ‘.0’ இருக்கக்கூடாது, 5.0 என்பது 50 ஆகத் தெரியும். இங்கே ஒரு சங்கடம்: திரையே `5.0` என்றுதான் காட்டுகிறது. திரையில் வருவதை மேற்கோளாகக் காட்டும் இடத்தில் அப்படியே வைத்தோம், எங்கள் வாக்கியத்தில் 5 என்றே எழுதினோம். ஒரே அளவுக்கு இரண்டு வடிவம் என்பது எனக்கு இன்னும் உறுத்தல்தான், ஆனால் திரையோடு முரண்படும் தாளை யாரும் நம்பமாட்டார்கள்.

தமிழுக்கே உரிய இன்னொரு பொறி வேற்றுமை உருபு. ‘5-ஐ உள்ளிடவும்’, ‘10-க்கு மேல்’ என்று எண்ணோடு கோடு போட்டு உருபைச் சேர்ப்பது நமக்குப் பழக்கம். அதே பக்கத்தில் ‘5-10’ என்று ஒரு வரம்பும் இருந்தால் அந்தக் கோடு என்ன சொல்கிறது? எண்ணுக்குப் பின் ஒரு பெயர்ச்சொல்லைப் போட்டு, உருபை அதன் தலையில் ஏற்றினோம்: ‘5 என்ற எண்ணை உள்ளிடவும்’. வரம்புக்குக் கோடே கிடையாது, ‘5 முதல் 10 வரை’. எண்ணும் அலகும் வரி மாறிப் பிரியாதபடி, நடுவில் உடையாத இடைவெளியைப் போட்டோம்.

எண்ணிப் பார்த்தது

எண்கள் விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. இரண்டு பிரதியையும் வெறும் உரைக் கோப்பாக எடுத்து, எண்களை மட்டும் பிரித்து ஒப்பிடுவது:

```
grep -oE '[0-9]+(\.[0-9]+)?' en.txt | sort | uniq -c > en.num
grep -oE '[0-9]+(\.[0-9]+)?' ta.txt | sort | uniq -c > ta.num
diff en.num ta.num
```

ஒன்றும் வராவிட்டால் எல்லா எண்ணும் இருக்கிறது என்று அர்த்தம், சரியான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தமில்லை. தமிழில் வாக்கியம் தலைகீழாவதால், ஒரே வாக்கியத்தில் உள்ள இரண்டு எண்கள் இடம் மாறிக்கொள்வது சாதாரணம். ‘20 மில்லிலிட்டர் சிரிஞ்சுக்குப் பதில் 50’ என்பதும் ‘50க்குப் பதில் 20’ என்பதும் இந்தச் சோதனைக்கு ஒன்றுதான். இரண்டு எண் வரும் வாக்கியங்களை ஒருவர் உரக்க வாசிக்க, இன்னொருவர் மூலத்தில் விரல் வைத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

எச்சரிக்கைகளையும் எண்ணினோம். மூலத்தில் இரண்டு நிலைகள்: `WARNING` என்றால் உயிருக்கோ உடலுக்கோ கடுமையான தீங்கு வரலாம், `CAUTION` என்றால் சிறு காயமோ கருவிக்குச் சேதமோ வரலாம். கையேட்டின் முதல் பக்கத்திலேயே வரையறை இருந்தது. முதலாவதை ‘எச்சரிக்கை’ என்றும் இரண்டாவதைக் ‘கவனம்’ என்றும் வைத்தோம். எண்ணியபோது தமிழில் எச்சரிக்கை மூன்று அதிகம், கவனம் மூன்று குறைவு. முன்பு மொழிபெயர்த்த வரிகளைச் சேமித்துவைத்துத் திரும்பத் தரும் மொழிபெயர்ப்பு நினைவகத்தில், பழைய வேலை ஒன்றிலிருந்து அந்த மூன்று வரிகள் அப்படியே வந்து விழுந்திருந்தன, அங்கே இரண்டுக்குமே எச்சரிக்கை என்று போட்டிருக்கிறார்கள். கூடுதலாக எச்சரித்தால் என்ன கெட்டது என்று தோன்றலாம். திரையை ஸ்பிரிட்டால் துடைக்காதே என்பதும், காற்று உள்ள லைனை இணைக்காதே என்பதும் ஒரே சிவப்புக் கட்டத்தில் வந்தால், நாலாவது கட்டத்துக்குப் பிறகு யாரும் சிவப்பைப் பார்ப்பதில்லை.

`PURGE` என்ற பொத்தான்

இது என் பிழை. சிரிஞ்சை மாட்டிய பிறகு, லைனில் உள்ள காற்றை மருந்தால் தள்ளி வெளியேற்ற இந்தப் பொத்தான். நோயாளியோடு லைன் இணைந்திருக்கும்போது இதை அழுத்தினால் மருந்து வேகமாக உள்ளே போகும். அகராதியில் இருந்த ‘சுத்திகரிப்பு’ என்பதை எடுத்து ‘லைனைச் சுத்தம் செய்யும் பொத்தான்’ என்று விளக்கம் எழுதிவிட்டேன். சோதனைக்கு வந்த இன்னொரு நர்ஸ் அதைப் பார்த்து, ‘மருந்து முடிஞ்சதும் சலைன் விட்டுக் கழுவுவோமே, அதுக்கா?’ என்று கேட்டார். அதற்கல்ல, நேர் எதிர். அவர் சொன்னது நோயாளியோடு லைன் இணைந்திருக்கும்போது செய்வது. என் வாக்கியம் அவரை நேராக அந்த ஆபத்துக்குத்தான் அழைத்துப்போகிறது. ‘லைனில் உள்ள காற்றை வெளியேற்றும் பொத்தான்’ என்று மாற்றினோம்.

அதற்கான எச்சரிக்கையில் ‘அழுத்த வேண்டாம்’ என்று இருந்ததையும் ‘அழுத்தக் கூடாது’ ஆக்கினோம். ‘வேண்டாம்’ என்பதில் தேவையில்லை என்ற சாயலும் இருக்கிறது, சாப்பாட்டுக்குச் சொல்வது போல. அப்படி மாற்றியும், அச்சுக்குப் போகும் படியில் ‘லைன் நோயாளியுடன் இணைந்திருக்கும்போது `PURGE` அழுத்தக்’ என்று ஒரு பக்கம் முடிந்து, ‘கூடாது’ அடுத்த பக்கத்தில் தொடங்கியது. தமிழில் மறுப்பு கடைசியில் வரும். பக்கம் பிரியும் இடத்தில் அது இல்லாமலே போய்விடும். எச்சரிக்கைகளை உடையாத கட்டங்களாக மாற்றி, மறுப்பையும் முன்னால் நகர்த்தினோம்: ‘கூடாது: லைன் நோயாளியுடன் இணைந்திருக்கும்போது `PURGE` அழுத்துவது.’ இலக்கணம் கொஞ்சம் நொண்டும். இந்த ஒரு வகை வரிக்கு மட்டும் நொண்ட விட்டோம்.

‘துண்டிக்கவும்’ என்ற சொல்லையும் மின்சாரத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டோம். லைனுக்குக் ‘கழற்றவும்’. லைனைத் துண்டிக்கச் சொன்னால் கத்தரிக்கோல் எங்கே என்று கேட்பார்கள் என்று மூத்த நர்ஸ் சொன்னார், இந்த முறை முழுக் கிண்டல்.

இரண்டாம் சோதனை

திருத்திய தாளை, முதல் வரைவைப் பார்க்காத நான்கு நர்ஸுகளிடம் கொடுத்தோம். அதே பம்ப், அதே தண்ணீர், துண்டுக்கு அடியில் அதே மடிப்பு. நான் பேசக்கூடாது என்பது விதி. கேள்வி கேட்டால், தாளில் பாருங்கள் என்று கை காட்டலாம், அவ்வளவுதான். நால்வரும் கிளாம்பை மூடிய பிறகே மடிப்பைத் தொட்டார்கள். ஒருவர் 4இ படியில் நின்றுவிட்டார். பிளஞ்சர் பிடி எது என்று அவருக்குத் தெரியவில்லை. அது சொல்லால் தீரும் விஷயமில்லை என்று, பக்கத்தில் ஒரு படமும் அம்புக்குறியும் போட்டோம்.

தாள் வார்டுக்குப் போய்ச் சில வாரங்கள் கழித்து வேறு வேலையாக அங்கே போயிருந்தேன். ஒரு கட்டிலருகே ஸ்டாண்டில், பிளாஸ்டர் போட்டு ஒட்டிய ஒரு நகல் தொங்கியது. எட்டிப் பார்த்தேன். நான்காம் படி, ‘அடைப்பை நீக்குவதற்கு முன்’ என்று தொடங்கியது. முதல் சோதனை நாளன்று யாரோ உபயோகமாக இருக்கிறதே என்று நகல் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். கழற்றி எடுத்துவிட்டு, புதிய தாளைக் கேட்டு வாங்கி மாட்டினேன். அன்றிலிருந்து சோதனைத் தாள்களில் குறுக்கே ‘வரைவு’ என்று பெரிய எழுத்தில் அச்சிடுகிறோம், வரிசை எண் போட்டுக் கொடுக்கிறோம், சோதனை முடிந்ததும் எண்ணித் திரும்ப வாங்குகிறோம்.